மகளுக்குக் கணக்கு வரவில்லை: டியூஷனா, பள்ளியின் சிறப்பு வகுப்பா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் மட்டும் தேறவில்லை. மற்ற பாடங்களில் நன்றாகவே வாங்குகிறாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், கவனக்குறைவுதான் காரணம் என்று கணக்கு டீச்சர் சொல்கிறார். பள்ளியில் வாரம் மூன்று நாள், மாலை நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை சிறப்பு வகுப்பு நடக்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டு பேரை ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அதை "மக்கு கிளாஸ்" என்று கேலி செய்வதால் இவள் போக மறுக்கிறாள். கணக்கு டீச்சரே தன் வீட்டில் டியூஷன் எடுக்கிறார், மாதம் 2,000 ரூபாய். கேள்வித்தாள் அவர் கையில் இருப்பதால் அதுதான் நல்லது என்கிறார் என் கணவர். அடுத்த தெருவில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் 1,200 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தரத் தயாராக இருக்கிறாள். ஆனால் அவளுக்கு அனுபவம் இல்லை. இவளை ஏழிலேயே நிறுத்திவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

விடைத்தாளைச் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. மதிப்பெண்ணை மட்டும் எழுதியிருந்தால் என்னாலும் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடிந்திருக்கும். முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் உங்கள் மகளை நிறுத்திவைக்க மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தம் 5, 8 ஆகிய இரண்டு வகுப்புகளில் மட்டும், அதுவும் மாநில அரசு விரும்பினால் மட்டும், நிறுத்திவைக்க இடம் தருகிறது. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்ற முறையையே தொடர்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு வரை உங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அரையாண்டுத் தேர்வுக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிட்டால், சரியான முடிவை எடுப்பது எளிதாகும்.

விடைத்தாளில் தெரிவது

ஒரு கணக்கைப் பாருங்கள். 403 சதுர மீட்டர் மனையில், அடிப்பக்கம் 18 மீட்டரும் உயரம் 6 மீட்டரும் கொண்ட இணைகர வடிவத் தோட்டம் போக மீதி எவ்வளவு என்பது கேள்வி. உங்கள் மகள் இணைகரத்தின் பரப்புக்குரிய சூத்திரத்தைச் சரியாக எழுதி, 18-ஐ 6-ஆல் பெருக்கி 108 என்று சரியாகக் கண்டுபிடித்து, அதை 403-லிருந்து கழிக்க வேண்டும் என்பதையும் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். ஏழாம் வகுப்புப் பாடம் அவளிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். அதன் பிறகு 403 − 108 = 305 என்று எழுதியிருக்கிறாள். சரியான விடை 295.

அடுத்த பக்கத்தில் 500 − 263 = 363 என்று இருக்கிறது. சரியான விடை 237. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவள் என்ன செய்கிறாள் என்பது விளங்கிவிடும். ஒவ்வோர் இடத்திலும் மேலே உள்ள எண் எது, கீழே உள்ள எண் எது என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறாள். 3-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 3-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறாள். கவனக்குறைவால் வரும் பிழைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரே மாதிரியான பிழை திரும்பத் திரும்ப வந்தால், பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரு விதியை, தவறான விதியைத்தான், ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "கவனமாகப் போடு" என்று சொன்னால், அதே தவறான விதியை இன்னும் கவனமாகப் பின்பற்றும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து கழித்தல் கணக்குகள் கொடுங்கள். இரண்டில் கடன் வாங்கத் தேவை இல்லாமலும், மூன்றில் தேவை இருக்கும்படியும், அந்த மூன்றில் ஒன்றில் நடுவில் பூச்சியம் வரும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் சரியாகி மற்ற மூன்றும் தவறினால் என் ஊகம் உறுதியாகிறது. அவள் தடுமாறும் இடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது.

பின்னக் கணக்கிலும் அதே கதைதான். 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என்று எழுதியிருக்கிறாள். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறாள். முழுக்களில் −7 + 3 என்பதற்கு −10 என்று விடை. இந்த மூன்று இடங்களையும் சரிசெய்யாமல் ஏழாம் வகுப்புப் பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும், ஒவ்வொரு கணக்கும் கடைசி வரிக்கு முன்பாக இதே இடத்தில் வந்து சறுக்கும்.

எனவே டியூஷனா பள்ளி வகுப்பா என்று கேட்பதற்கு முன்னால், இந்த இரண்டில் எது அவளை மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்கும் ஐந்தாம் வகுப்புப் பின்னத்துக்கும் கூச்சமில்லாமல் அழைத்துப்போகும் என்று கேட்க வேண்டும்.

பள்ளியின் சிறப்பு வகுப்பு

அதற்குக் கட்டணம் இல்லை. பள்ளி நேரத்தை ஒட்டியே நடப்பதால் அலைச்சலும் இல்லை. தன்னைப் போலவே 305 என்று எழுதும் இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் பார்ப்பதிலும் ஒரு நன்மை உண்டு. ஆனால் மூன்று வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டு பேரை ஒன்றாக உட்கார வைத்தால் பெரும்பாலும் நடப்பது, பாடநூலின் பயிற்சிக் கணக்குகளைக் கரும்பலகையில் ஒரு முறை போட்டுக் காட்டுவதுதான். காலையில் புரியாத பாடம் மாலையிலும் அதே வேகத்தில் வருகிறது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் ஓர் ஏற்பாட்டை முறையாக ஆய்வு செய்தார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அந்தப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணிடம் படிக்கவைத்தார்கள். அந்தப் பெண்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர். அவர்கள் நடத்தியது வகுப்புப் பாடம் அல்ல, பிள்ளைகள் முந்தைய வகுப்புகளில் கற்காமல் விட்ட அடிப்படைகள். மதிப்பெண்கள் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தன. பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கியதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை என்பதையும், சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் பெரிய பட்டம் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். கல்லூரி மாணவிக்கு அனுபவம் இல்லை என்ற உங்கள் தயக்கத்துக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

பள்ளியிடம் நீங்கள் கேட்பது சலுகை அல்ல. 2009-ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலைத் தருவதை ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. பெற்றோரைச் சந்தித்துக் குழந்தையின் முன்னேற்றத்தைத் தெரிவிப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஆனால் தலைமையாசிரியரைப் பார்க்கும்போது சட்டப் பிரிவைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். விடைத்தாளைக் கொண்டுபோய் 305-ஐயும் 363-ஐயும் காட்டுங்கள். பிறகு இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இருபத்தெட்டு பேரையும் வகுப்பு வாரியாக இல்லாமல், எந்த அடிப்படையில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பிரித்து உட்கார வைக்க முடியுமா? என் மகளுக்கு இந்த வகுப்பில் என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதித்தர முடியுமா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த வகுப்பின் தரத்தை எடைபோட்டுவிடலாம். "கடன் வாங்கிக் கழித்தல்" என்று பதில் வந்தால் அனுப்புங்கள். "இரண்டாம் பருவப் பாடம்" என்று வந்தால், அந்த வகுப்பால் இப்போதைக்கு அவளுக்குப் பயன் குறைவு.

"மக்கு கிளாஸ்" என்ற கேலியையும் அதே சந்திப்பில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வாயை அடக்க முடியாது என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல இது. வாரத்தில் ஒரு நாள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலரையும் அதே அறையில் உட்காரவைத்துச் சொல்லித்தரச் செய்தால், அந்த அறைக்கு ஒட்டிய பெயர் தானாக மங்கும். பள்ளிக்கு இதில் ஒரு காசு செலவில்லை.

வகுப்பு ஆசிரியையிடமே டியூஷன்

இதை நான் பரிந்துரைக்கவில்லை. மேலே சொன்ன சட்டத்தின் 28-ஆம் பிரிவு, எந்த ஆசிரியரும் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்று நேராகவே தடை செய்கிறது. உங்கள் பள்ளி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியாக இருந்தால், 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஆனாலும் தடைக்குப் பின்னால் உள்ள காரணம் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கடமைப்பட்டவரே அதை மாலையில் காசுக்கு விற்கும்போது, வகுப்பில் முழுமையாகச் சொல்லித்தர வேண்டிய அவசியம் அவருக்குக் குறைந்துபோகிறது. தடை ஆசிரியருக்குத்தான், பெற்றோருக்கு அல்ல. பிள்ளையை அனுப்புவதால் உங்கள் மீது எந்தக் குற்றமும் வராது.

கேள்வித்தாள் அவர் கையில் இருக்கிறது என்ற உங்கள் கணவரின் வாதத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. கேள்வி இன்னதுதான் வரும் என்று தெரிந்து, அந்தப் பத்துக் கணக்குகளை மனப்பாடம் செய்து எழுதினால், அரையாண்டில் மதிப்பெண் ஏறும். நீங்களும் நிம்மதி அடைவீர்கள். 403 − 108 அப்படியே 305-ஆக இருந்துகொண்டிருக்கும். பத்தாம் வகுப்பில் அரசு பொதுத் தேர்வுக் கேள்வித்தாள் வகுப்பு ஆசிரியையின் கையில் இருக்காது. தவிர, அவர் ஏற்கெனவே இந்த விடைத்தாளைத் திருத்திவிட்டுக் கவனக்குறைவு என்று முடிவு கட்டியிருக்கிறார். அந்த முடிவோடு அவர் நடத்தும் டியூஷனில் கழித்தலுக்கு இடமே இருக்காது.

மறுக்கும்போது காரணம் சொல்லி அவரைப் புண்படுத்த வேண்டாம். "மாலையில் வெளியே அனுப்ப வசதிப்படவில்லை, வீட்டிலேயே ஒரு பெண் வந்து சொல்லித்தருகிறாள்" என்று சொன்னால் போதும். அடுத்த ஆண்டும் அவரே கணக்கு ஆசிரியையாக வரலாம் அல்லவா?

கல்லூரி மாணவியிடம் என்ன கேட்பது

இந்த வழியைத்தான் நான் முதலில் முயல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. முதல் எட்டு வாரங்களுக்குப் பள்ளி வீட்டுப்பாடத்தையும், புக் பேக் கணக்குகளையும் அவர் தொடக் கூடாது. வீட்டு டியூஷன் வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான். வந்தவுடன் "நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?" என்று கேட்டு, பாதியைப் பிள்ளையும் மீதியை டியூஷன் அக்காவும் போட்டு முடித்தால், நோட்டு அழகாக இருக்கும். டியூஷன் நோட்டில் ஒரு பிழைகூட இல்லை என்றால் நான் சந்தேகப்படுவேன். அடித்தல், திருத்தல், பிள்ளை தானே கண்டுபிடித்த தவறு ஆகியவை நிறைந்த நோட்டுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாற்பத்தைந்து நிமிடம் போதும். சிறப்பு வகுப்பு உள்ள நாளில் டியூஷன் வேண்டாம். பள்ளி முடிந்து வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டையும் ஒரே நாளில் தாங்காது.

முதல் இரண்டு வாரம் கழித்தல். இதற்கு ரூபாய் நோட்டும் காசுமே சிறந்த கருவி. நான்கு 100 ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் அவள் கையில் கொடுத்து, 108 ரூபாய் தரச் சொல்லுங்கள். எட்டு ஒரு ரூபாய்க் காசு அவளிடம் இல்லை. பத்து ரூபாய் நோட்டும் இல்லை. ஒரு நூறை மாற்றிப் பத்துப் பத்து ரூபாய் நோட்டுகளாக்க வேண்டும், அதில் ஒன்றை மாற்றிப் பத்துக் காசுகளாக்க வேண்டும். இப்போது அவள் கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. எட்டைக் கொடுத்தால் ஐந்து மிஞ்சும், ஒரு நூறைக் கொடுத்தால் இரண்டு நூறு மிஞ்சும், 295. இதைக் கையால் செய்த பிறகே தாளில் எழுத வேண்டும். பூச்சியத்துக்கு மேலே 9 எழுதுவது ஏன் என்று எத்தனையோ பெரியவர்களுக்கே தெரியாது. நோட்டை மாற்றிப் பார்த்த பிள்ளைக்கு அது தெரிந்துவிடும்.

மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை பின்னம். மீச்சிறு பொது மடங்கு என்று உடனே விதியைச் சொல்லித்தர வேண்டாம். ஒரு மணி நேரத்தில் பாதி எத்தனை நிமிடம், மூன்றில் ஒரு பங்கு எத்தனை நிமிடம் என்று கேட்கச் சொல்லுங்கள். 30-உம் 20-உம் சேர்ந்து 50 நிமிடம். அவள் எழுதிய 2/5 என்பது 24 நிமிடம்தான். அரை மணியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரை மணியைவிடக் குறைந்துபோகுமா என்று அவளே கேட்டுச் சிரிக்கும் வரை காத்திருக்க வேண்டும். 50 நிமிடம் 5/6 என்பதைக் கண்டுகொண்ட பிறகு, பகுதிகளை 6 ஆக்குவது எதற்கென்று விளக்கவே தேவைப்படாது. ஆறு, ஏழாம் வாரங்களில் முழுக்கள். எண்கோட்டில் −7-இல் நின்று வலப்பக்கம் மூன்று அடி வைத்தால் −4. அதற்கு மேல் விளக்கம் கூட்டினால் குழப்பம்தான் கூடும்.

வழிக்கணக்கில் தவறு வந்தால், அந்தப் பெண் உடனே திருத்திக் காட்டாமல் வரிசையாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும்: கணக்கை வாய்விட்டுப் படி, என்ன கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யப் போகிறாய், செய்துகொண்டே சத்தமாகச் சொல், விடையை எழுது. எந்தக் கேள்வியில் பிள்ளை நிற்கிறாளோ அங்கேதான் அவளுக்கு உதவி தேவை. உங்கள் மகள் இந்த விடைத்தாளில் முதல் மூன்றையும் தாண்டி நான்காவதில் நின்றிருக்கிறாள். கணக்குப் புரிந்துகொள்ளும் திறன் அவளிடம் இருக்கிறது என்பதை நான் இதிலிருந்துதான் சொல்கிறேன், உங்களைத் தேற்றுவதற்காக அல்ல.

கற்றல் குறைபாடாக இருக்குமோ?

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இணையத்தில் தேடினால் டிஸ்கால்குலியா என்ற சொல் கண்ணில் பட்டுப் பயமுறுத்தும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கணிதம் சார்ந்த இந்தக் கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ள ஒன்று. உறுதியானால் சலுகைகளும் உண்டு. எட்டுடன் ஐந்தைக் கூட்ட இந்த வயதிலும் விரலை விட்டு எண்ணுவது, இரண்டு எண்களில் எது பெரியது என்பதில் தடுமாறுவது, கடிகாரத்தில் மணி பார்க்க வராதது ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் மதிப்பீடு தேவை. 18-ஐ 6-ஆல் பெருக்கி ஒரே வரியில் 108 எழுதிய பிள்ளையிடம் அதற்கான அடையாளத்தை நான் காணவில்லை. மூன்று மாதம் அவள் நிலைக்கேற்பச் சொல்லிக்கொடுத்தும் கழித்தலே நிற்கவில்லை என்றால், அப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மதிப்பீடு பற்றி விசாரியுங்கள்.

எட்டு வாரம் கழித்து

இப்போதே பன்னிரண்டு கணக்குகள் கொண்ட ஒரு தாளை அந்தப் பெண்ணைத் தயாரிக்கச் சொல்லி, மகளை எழுதவைத்து, திருத்தாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழித்தல், பின்னம், முழுக்கள் என்று நான்கு நான்கு போதும். எட்டாம் வாரம் அதே தாளை, எண்களை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அதன் பிறகு இரண்டு வாரம் எந்தப் பயிற்சியும் இல்லாமல் விட்டு, மீண்டும் ஒரு முறை. கடைசித் தாளில் ஒன்பது, பத்து சரியாக இருந்தால் அடிப்படை நிலைத்துவிட்டது. இனி ஏழாம் வகுப்புப் பாடத்தைத் தொடலாம், வாரம் இரண்டு நாளாகவும் குறைக்கலாம். எட்டாம் வாரம் நன்றாகச் செய்து பத்தாம் வாரம் பழைய பிழைகளே திரும்பினால், விதியை மனப்பாடம் செய்திருக்கிறாள். ரூபாய் நோட்டுக்கும் கடிகாரத்துக்கும் திரும்ப வேண்டும். எட்டாம் வாரத்திலேயே மாற்றம் இல்லை, நோட்டு முழுக்க வீட்டுப்பாடமாக இருக்கிறது என்றால், அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

இடையில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், அதில் மதிப்பெண் பெரிதாக ஏறாமலும் போகலாம். அப்போது உங்கள் கணவர் 2,000 ரூபாய் டியூஷனை நினைவுபடுத்துவார். அந்த விடைத்தாளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் கழித்தல் வரும் இடங்களை மட்டும் அவருடன் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.